நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கிற பையனுக்கு ரத்தம் ஏன் குறைகிறது?

"வணக்கம் டாக்டர். என் பையனுக்கு 1 வயது 10 மாதம். சோறு, இட்லி எது வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை, துப்புகிறான், இல்லாவிட்டால் ஓடிவிடுகிறான். பால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிப்பான். 240 மில்லி பாட்டிலில் பகலில் மூன்று, ராத்திரி ஒன்று, அழுதால் இன்னொன்று. தண்ணீர் கலப்பதில்லை, ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவேன். இப்போது எடை 10.2 கிலோ. 'பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கான், பாலாவது குடிக்கட்டும்' என்கிறார் அவன் ஆயா. போன வாரம் ரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.6 வந்தது. இரும்புச்சத்து சிரப் கொடுத்தார்கள், வாயில் வைத்தால் துப்புவதால் பாலில் கலந்து தருகிறேன். வாசல் மண்ணை வேறு எடுத்துத் தின்கிறான். பசிக்கு ஏதாவது டானிக் எழுதித் தர முடியுமா? எடை போட்ட அட்டையையும் ரத்த ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்."
– ஒரு தாய், அரியாங்குப்பம்

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த சிரப்பைப் பாலில் கலப்பதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பாலில் இருக்கிற கால்சியமும் பால் புரதமும் இரும்பைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். நீங்கள் தவறாமல் கொடுத்தாலும் அவன் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். பாட்டிலில் பாதியை வைத்துவிட்டான் என்றால் அந்தக் கொஞ்சமும் பாதியாகிவிடும். எப்படிக் கொடுப்பது என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து எடை. உங்கள் வீட்டில் சண்டையே அதில்தான் நடக்கிறது என்று தோன்றுகிறது. அட்டையில் இருந்த எண்களை எடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆண் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன். பிறந்தபோது 2.7 கிலோ, ஒன்பதாவது மாதம் 7.9, ஒரு வயதில் 8.5, பதினாறாவது மாதம் 9.3, இப்போது 10.2. இந்த வயதுப் பையன்களின் நடுக்கோடு 11.8 கிலோவில் இருக்கிறது, அதற்குக் கீழே முதல் கோடு 10.5, இரண்டாவது கோடு 9.4. இரண்டாவது கோட்டுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்று சொல்வோம். உங்கள் பையன் பிறந்ததிலிருந்தே முதல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதை ஒட்டியே வந்திருக்கிறான். அவனுடைய பாதை அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 13 கிலோ இருக்கலாம், அது அந்தப் பிள்ளையின் பாதை. ஒரு புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்த்தால் வருகிற கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். உங்களிடம் இருக்கிற தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலும் இதே வரைபடம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறத்தோடு இருக்கும். அவன் புள்ளிகள் எல்லாம் பச்சையில்தான் விழுகின்றன.

ஒரே ஒரு எண் மட்டும் இடிக்கிறது. பதினான்காவது மாதத்தில் 9.6 என்று ஒரு பதிவு இருக்கிறது, அடுத்த பதிவு 9.3. எடை குறைந்துவிட்டது என்று அன்றைக்கு வீட்டில் பதறியிருப்பீர்கள். ஆனால் அதற்கு முந்தின பதிவைப் பாருங்கள். ஒரு வயதில் 8.5 இருந்தவன் இரண்டே மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், இந்த வயதில் அது நடக்கிற காரியம் இல்லை. இரண்டாவது வருடத்தில் மாதத்துக்கு 200 கிராம் ஏறினாலே பெரிய விஷயம். அந்த ஒரு பதிவு மட்டும் வேறு இடத்தில் எடுத்ததாக அட்டையில் தெரிகிறது. தராசு வேறாக இருந்திருக்கும், சட்டை, ஜட்டி, ஈர டயப்பரோடு வைத்திருப்பார்கள். ஒன்றுக்குப் போய் நன்றாக ஊறிய டயப்பர் மட்டுமே கால் கிலோ கனக்கும், அது ஒரு மாத வளர்ச்சி. அதனால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு விட்டுவிடுங்கள், கோட்டில் சேர்க்க வேண்டாம்.

இனிமேல் எடை பார்க்கும்போது ஒரே அங்கன்வாடி, அல்லது ஒரே கிளினிக், அதே தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில், பால் குடிக்கிறதுக்கு முன்னால், டயப்பர் இல்லாமல், மெல்லிய ஒரு பனியனோடு. தராசு வெறுமையாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று நீங்களே ஒரு தடவை எட்டிப் பாருங்கள், அங்கன்வாடி டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், வாரம் ஒரு தடவை பார்த்தால் ஒன்றுக்கும் மலத்துக்கும் போய்வருகிற வித்தியாசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உயரம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டு வயது முடிகிற வரைக்கும் படுக்க வைத்து, ஒருவர் தலையையும் இன்னொருவர் முட்டியையும் பிடித்துத்தான் அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்தால் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும், அதற்கும் ஒரு பதற்றம் கிளம்பும். அட்டையில் இருக்கிற 82.5 சென்டிமீட்டர் அவன் எடைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது, உயரமும் அதே முதல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

ஆயாவிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் வருடத்தில் உங்கள் பையன் 5.8 கிலோ ஏறினான், அதற்கு அப்புறம் வந்த பத்து மாதத்தில் 1.7 கிலோ. வளர்ச்சி இவ்வளவு நிதானமாகும்போது பசியும் நிதானமாகும். ஒரு வயதில் கிண்ணம் காலியாக்கிய பிள்ளை ஒன்றேமுக்காலில் நாலு வாயோடு எழுந்து போவது வழக்கம்தான். நடக்க, ஓட ஆரம்பித்ததும் கன்னத்துச் சதையும் தொடை மடிப்பும் கரைந்து கை கால் நீளும். ஆயா கண்ணுக்கு எலும்பும் தோலுமாகத் தெரிவது அதுதான். அவர் பயம் பொய்யில்லை, அவர் காலத்தில் மெலிந்த பிள்ளைகள் நோயில் விழுந்ததைப் பார்த்தவர். அதனால் வாதாடாமல் அங்கன்வாடிக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இடது மேல்கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால்தான் ஊட்டக்குறைவு. அந்த நாடா பச்சையில் நிற்பதை அவர் கண்ணால் பார்த்தால், நான் எழுதுவதைவிட அது நன்றாகப் பேசும்.

சரி, எடை நன்றாக இருக்கிறது, அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. எடைக் கோடு சொல்வது பையனுக்குப் போதுமான கலோரி கிடைக்கிறது என்பதை மட்டும்தான். இரும்பைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. பால் அதிகம் குடிக்கிற பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை சரியாக ஏறும், சில பிள்ளைகள் கொழுகொழுவென்றுகூட இருப்பார்கள், உள்ளே ரத்தம் வெளுத்துக்கொண்டே வரும், எடையைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நாலு பாட்டில் என்றால் 960 மில்லி, அழுகிற நாளில் 1200. பாண்லே அரை லிட்டர் பாக்கெட் இரண்டு ஏறக்குறைய அவன் ஒருவனுக்கே போகிறது. சமன்படுத்திய பால் 100 மில்லியில் 60 கலோரி, அப்படியானால் 960 மில்லியில் 575 போல. நாலு ஸ்பூன் சர்க்கரைக்கு இன்னொரு 80. ஆக 650. பத்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது கிலோவுக்கு 80 வீதம் சுமார் 800தான். மிச்சம் இருப்பது 150 கலோரி, அதை இரண்டு பிஸ்கட்டும் நாலு வாய் தயிர் சாதமும் முடித்துவிடும். நீங்கள் பசியில்லை, பசியில்லை என்கிறீர்கள். அவன் பசி காலை பத்து மணிக்குள்ளேயே இரண்டு பாட்டிலில் அடங்கிவிட்டது. வயிறு நிறைந்தவன் சோற்றைத் துப்பத்தான் செய்வான்.

இப்போது அதே நாளை இரும்பு பக்கத்திலிருந்து பாருங்கள். அவன் வயதுக்கு உணவிலிருந்து ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும். 960 மில்லி பாலில் அரை மில்லிகிராம்கூட இல்லை, அதிலும் உடம்பில் சேருவது சொற்பம். வெள்ளைச் சோற்றிலும் தயிரிலும் மைதா பிஸ்கட்டிலும் சொல்லும்படி எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, அவன் சாப்பிடுகிற இரண்டு வாய்ப் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பையும் அடுத்த பாட்டில் வந்து தடுத்துவிடுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும், அதற்கு அப்புறம் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

ரிப்போர்ட்டில் நீங்கள் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், கீழே இருக்கிற எண்கள்தான் காரணத்தைச் சொல்கின்றன. இந்த வயதுக்கு ஹீமோகுளோபின் 10.5 ஆவது இருக்க வேண்டும், அதனால் 9.6 குறைவுதான், ஆனால் அவசரமாகப் பெட்டில் சேர்க்கிற அளவுக்கு இல்லை. எம்.சி.வி. என்ற வரியில் 64 இருக்கிறது. அது சிவப்பணுவின் பருமன், இந்த வயதில் 70க்கு மேல் இருக்க வேண்டும், ஆக அணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. 18, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று பருமனில் ரொம்ப வித்தியாசப்படுகின்றன. சிவப்பணு எண்ணிக்கை 4.6. எம்.சி.வி.யை இந்த எண்ணால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 வருகிறது. 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது, 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபைச் சந்தேகப்படுவோம். இது உறுதியான தீர்ப்பு இல்லை, ஒரு வழிகாட்டிக் கணக்கு. ஆனால் ஒரு லிட்டர் பால், சிறுத்த அணு, மண் தின்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் இரும்புக் குறைவு என்றே எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குவேன்.

ஃபெரிட்டின் பார்க்கவில்லையே என்று யாராவது கேட்கலாம். உடம்பில் இருக்கிற இரும்புச் சேமிப்பை அது காட்டும், இந்த வயதில் 12க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி. ஆனால் சளி, காய்ச்சல் இருக்கிற நேரத்தில் எடுத்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பால்வாடிப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத வாரம் எது? அதனால் இதற்காக இப்போது மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. மருந்துக்கு ரத்தம் ஏறுகிறதா என்பதே நல்ல சோதனை.

மண் தின்பதை நீங்கள் சேட்டை என்று நினைத்துக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இரும்பு குறைந்த பிள்ளைகள் மண், சுவர் சுண்ணாம்பு, பச்சரிசி, பல்பம் என்று தேடித் தின்பார்கள். அடித்தால் நிற்காது. மருந்து சேர ஆரம்பித்ததும் பெரும்பாலும் சில வாரத்தில் தானாக விட்டுவிடுவார்கள், அது நடந்தால் நல்ல அறிகுறி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் மண்ணோடு பூச்சியும் போகும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று அட்டையில் பாருங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதிதான், பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இனி சிரப். சிகிச்சைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு, உங்கள் பையனுக்குச் சுமார் 30 மில்லிகிராம், ஒரே வேளையாகக் கொடுக்கலாம். பாட்டில் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இரும்பு உப்பின் மொத்த எடை, இன்னொன்று அதில் இருக்கிற சுத்த இரும்பு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அதனால் 'ஒரு மூடி' என்று கணக்கு வைக்காமல் லேபிளை எழுதித் தந்த டாக்டரிடம் காட்டி, எத்தனை மில்லி என்று பேனாவால் பாட்டில் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ வாரம் இரண்டு தடவை 1 மில்லி கொடுக்கிற சிரப் வேறு. அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, ரத்தம் குறையாமல் காக்கத்தான் அது போதும், குறைந்த ரத்தத்தை ஏற்றப் போதாது. சிகிச்சை மருந்து ஓடுகிற வரைக்கும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கிற நேரத்துக்கு நான் சொல்வது காலையில் எழுந்தவுடன், பாலுக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து, நாக்கு மேல் விடாமல் கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாக்கின் நடுவில் விட்டால்தான் துப்புவான். பின்னாலேயே இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறோ சாத்துக்குடிச் சாறோ கொடுங்கள், வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும், பல்லில் கறை படிவதும் குறையும். மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் மட்டும் காட்டுங்கள். அப்புறம் பாட்டிலை எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். இனிப்பான சிரப் பாட்டிலைப் பிள்ளைகள் முழுதாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் பாட்டிலோடு நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

பாலைக் குறைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இலக்கு ஒரு நாளைக்கு 400 மில்லி, மிஞ்சினால் 500, தயிரும் இதில் சேர்த்தி. கால்சியம் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இந்த வயதுக்கு வேண்டிய கால்சியம் 400 மில்லியிலேயே ஏறக்குறைய வந்துவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டுபடும், ஆயா முதல் ராத்திரியே பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் முதல் மூன்று நாள் பாலிலும் சாப்பாட்டிலும் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள், அவ்வளவுதான். இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எத்தனை மணிக்கு, என்ன வைத்தீர்கள், எவ்வளவு உள்ளே போனது. பாட்டிலில் ஊற்றிய அளவை எழுதக் கூடாது, மிச்சம் வைத்ததைக் கழித்து எழுத வேண்டும். தாத்தா கடைக்குக் கூட்டிப்போய் வாங்கித் தந்த பிஸ்கட், டீயில் தொட்டுக் கொடுத்த பன், ஆயா கையால் ஊட்டிய இரண்டு வாய், எல்லாம் வரணும். வீட்டில் இருக்கிற எல்லோரும் எழுதட்டும், நோட்டைச் சமையல்கட்டு சுவரில் மாட்டிவிடுங்கள். 'ஒன்றுமே சாப்பிடவில்லை' என்று சொல்கிற வீட்டு நோட்டில் பத்துப் பதினைந்து பதிவு இருக்கும். சோறு இருக்காது, மற்றது எல்லாம் இருக்கும்.

நோட்டு கையில் வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது சாப்பாட்டுக்கு முன்னால் போகிற பாட்டில். காலையில் எழுந்ததும் மருந்து, அரை மணி கழித்து இட்லி, அதற்கும் பின்னால்தான் பால், அதுவும் டம்ளரில் 150 மில்லி. பாட்டில் இருக்கிற வரைக்கும் அளவு குறையாது, வாயில் வைத்துக்கொண்டே திரிவான், டம்ளரில் குடிக்கிற பிள்ளை போதும் என்றால் வைத்துவிடும். மதியப் பாட்டிலை இரண்டாவது கட்டமாக எடுங்கள், அந்த இடத்தில் தண்ணீர், ஒரு பழம். ராத்திரிப் பாட்டில்தான் கடினம். இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், 240 போய் 60க்கு வந்ததும் வெறும் தண்ணீர், அப்புறம் அதுவும் தேவைப்படாது. சர்க்கரையைப் பால் குறைக்க ஆரம்பிக்கிற நாளிலிருந்தே பாதியாக்குங்கள். மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் நாலைந்து நாள் பாலும் குடிக்காமல், சோறும் சாப்பிடாமல் இருப்பான், எடைகூட 100, 200 கிராம் இறங்கலாம். எல்லோரும் பின்வாங்குவது அந்த நாலைந்து நாளில்தான். அதனால் அந்த வாரம் எடையே பார்க்காதீர்கள். நன்றாக ஒன்றுக்குப் போகிறான், ஓடி விளையாடுகிறான் என்றால் பொறுத்திருக்கலாம்.

தட்டில் என்ன வைப்பது என்பதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ஒரு உணவுக்கு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, உங்கள் பையனுக்கு இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி குழம்பு, அவ்வளவுதான் ஒரு வேளை. கிண்ணம் நிறைய வைத்துவிட்டுப் பாதிகூடச் சாப்பிடவில்லை என்று பெரும்பாலான வீடுகளில் அழுகிறார்கள். இரும்புக்கு நம்ம ஊரில் எளிது மீனும் கறியும். முள் பார்த்து எடுத்த மத்தி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்ட நெத்திலி, வாரம் ஒரு தடவை ஒரு துண்டு ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்தது. அசைவத்து இரும்பு எளிதாகச் சேரும், பக்கத்தில் இருக்கிற பருப்பு, கீரை இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். சைவ வீடு என்றால் பருப்பு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சை பிழிந்தோ கொய்யாத் துண்டு வைத்தோ கொடுங்கள். முட்டை நல்லதுதான், ஆனால் இரும்புக்கு அதை நம்ப முடியாது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று சொல்வார்கள், இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. டீயை மட்டும் அடியோடு நிறுத்துங்கள், அதுவும் பாலைப் போலவே இரும்பைத் தடுக்கும்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குமேல் ஓடிப்பிடித்து, போனைக் காட்டி, வாயைத் திறக்க வைத்து ஊட்ட வேண்டாம். தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் தவிர எதுவும் தராதீர்கள். ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்தபிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள்.

பசி டானிக் நான் எழுத மாட்டேன். அந்த மருந்துகள் பெரும்பாலும் தூக்கம் வரவைக்கிற அலர்ஜி மருந்து வகை, நிறுத்தியதும் பசி பழைய இடத்துக்கே வந்துவிடும். பாலில் கலக்கிற ஊட்ட மாவும் வேண்டாம், அது பாலை இன்னும் ருசியாக்கும், அவ்வளவுதான்.

மருந்து ஆரம்பித்து நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் மட்டும் திரும்பப் பாருங்கள், விரலைப் பிழிந்து எடுக்காமல் நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். குறைந்தது 1 ஏற வேண்டும், அதாவது 10.6 ஆவது வர வேண்டும். வந்தால் நம் கணிப்பு சரி. ஆனால் எண் சரியான நாளிலேயே மருந்தை நிறுத்தாதீர்கள், சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓட வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் அளவு, நேரம், பால் மூன்றையும் நோட்டில் பார்ப்போம், பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் தலசீமியா மரபு, குடல் நோய் என்று அடுத்த பரிசோதனைக்குப் போவோம்.

அந்த நாலு வாரச் சந்திப்புக்கு உங்கள் குழந்தை மருத்துவரிடமோ, எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகும்போது அட்டை, ரிப்போர்ட், அந்த நோட்டு, சிரப் பாட்டில் நாலையும் எடுத்துப் போங்கள். நாலு வாரம் காத்திருக்காமல் முன்னாலேயே போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. உள்ளங்கையும் உதடும் காகிதம் மாதிரி வெளுத்து, விளையாடாமல் படுத்தே கிடந்தால், மூச்சு வாங்கினால், மலத்தில் ரத்தம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். கெட்டியாக எது கொடுத்தாலும் புரை ஏறினால், அல்லது முன்பு சாப்பிட்ட உணவுகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு இரண்டு மூன்று வகைக்குச் சுருங்கிக்கொண்டே வந்தால், கூப்பிட்டால் திரும்பாமல், பேச்சும் வராமல் இருந்தால், அது பால் விஷயம் மட்டும் இல்லை, அந்த வாரமே காட்டுங்கள். ஒரே தராசில் மூன்று மாதம் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றால் அப்போதும் வாருங்கள்.